முப்பது நொடிக்கு எத்தனை எழுத்து?

தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் வரும் விழிப்புணர்வுப் படங்கள் பெரும்பாலும் முப்பது நொடிதான். பல படங்களுக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் குரல் எழுதப்படுகிறது. படமும் அந்த ஆங்கிலத்தின் அளவுக்கே வெட்டி ஒட்டப்பட்டுவிடும். அதன்பிறகு, "இதைத் தமிழில் போட்டுக் கொடுங்கள்" என்று ஒரு தாள் வந்து சேரும். அதில் எழுபது ஆங்கிலச் சொற்கள் இருக்கும். நிமிடத்துக்கு 140 முதல் 150 சொல் என்பது ஆங்கில வர்ணனையின் வழக்கமான வேகம். ஆகவே எழுபது சொல் முப்பது நொடிக்குள் வசதியாக அடங்கிவிடும். அதையே வரிக்கு வரி தமிழாக்கிப் படித்தால் ஐம்பது நொடி ஓடும், சில சமயம் ஒரு நிமிடத்தைத் தொடும்.

அப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். குரல் கொடுப்பவரிடம் "கொஞ்சம் வேகமாகப் படியுங்கள்" என்பார்கள். அப்படியும் அடங்காவிட்டால் எடிட்டர் மூச்சு விடும் இடங்களை வெட்டி வாக்கியங்களை ஒட்டவைப்பார். கடைசியில் படம் முப்பது நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் கேட்டவர் மனத்தில் எதுவும் தங்காது. இந்தச் சிக்கலை ஒலிப்பதிவுக் கூடத்தில் தீர்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. எழுதும் மேசையிலேயே கணக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லில் போடக் கூடாது, எழுத்தில் போட வேண்டும்.

தமிழ்ச் சொல் தனியாக வருவதில்லை, சுமையோடு வருகிறது. வேற்றுமை உருபு, காலம், எண், திணை, 'உம்', 'தான்' எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் நாலைந்து சின்னச் சொற்களாகச் சிதறிக் கிடப்பது தமிழில் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் சொல்லை எண்ணினால் தமிழ் குறைவாகத் தோன்றும், வாய்விட்டுப் படித்தால் நீளும். பதினான்கு சொல் வாக்கியம் ஒன்று தமிழில் ஐந்து நொடியும் ஓடலாம், பத்து நொடியும் ஓடலாம். எந்தச் சொற்கள் என்பதைப் பொறுத்தது அது. கணினி காட்டும் சொல் எண்ணிக்கையை நம்பி நேரம் ஒதுக்குவது இதனால்தான் சறுக்குகிறது.

கணினியின் எழுத்து எண்ணிக்கையும் உதவாது. 'தண்ணீர்' என்ற சொல்லை அது ஏழு என்று எண்ணும். மெய்யை ஒன்றாகவும், புள்ளியை இன்னொன்றாகவும், கொம்பு, கால், சுழி ஒவ்வொன்றையும் தனியாகவும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. காதில் விழுவதோ 'த', 'ணீ' என்ற இரண்டு துடிப்புகள்தான்.

தமிழ் எழுத்து முறை இங்கே நமக்குப் பெரிய வசதியைச் செய்து தருகிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் போதும், ஒலித் துடிப்பின் கணக்கு கையில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இப்படிக் கண்ணால் எண்ண முடியாது, அங்கே எழுத்து ஒன்று, ஒலி வேறு. புள்ளி எழுத்தை நீக்கி எண்ணுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. கட்டளைக் கலித்துறையில் ஓரடிக்கு, நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்று விதி. அங்கும் ஒற்றை நீக்கித்தான் எண்ணுவார்கள். அபிராமி அந்தாதி முழுவதும் இந்தக் கணக்கில் அமைந்ததுதான். இனி இந்தக் கட்டுரையில் 'எழுத்து' என்றால் புள்ளியில்லாத எழுத்து என்றே கொள்ளுங்கள்.

இந்த அளவுகோலிலும் ஒரு குறை உண்டு. எல்லா எழுத்துக்கும் ஒரே நேரம் ஆகாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று நம் இலக்கணமே நேரத்தை அளந்து வைத்திருக்கிறது. 'கரடி'யும் மூன்று எழுத்து, 'காட்டாற்று' என்பதும் மூன்று எழுத்து. ஆனால் மாத்திரை போட்டுப் பார்த்தால் இரண்டாவது கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரே ஒரு சொல்லை அளப்பதற்கு எழுத்துக் கணக்கு போதாது என்பது உண்மை. ஒரு பத்தி அளவுக்கு வந்துவிட்டால் குறிலும் நெடிலும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும். எனவே நடைமுறைக்கு எழுத்துக் கணக்கே போதும், மாத்திரை வரை போக வேண்டியதில்லை.

நொடிக்கு எத்தனை எழுத்து? நிதானமான, தெளிவான வர்ணனைக்கு ஐந்து என்று நான் வைத்துக்கொள்கிறேன். வாக்கியங்களுக்கு இடையே விடும் இடைவெளி இதில் சேராது. சிலருடைய குரல் ஐந்தரை வரை தெளிவு குறையாமல் போகும். ஆறைத் தாண்டினால் அது விளம்பரக் கூவலாகிவிடுகிறது. உங்கள் படத்துக்குக் குரல் கொடுக்கப்போகிறவரின் வேகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சரியாக 100 எழுத்து வரும்படி ஒரு பத்தியை எழுதி, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அவரைப் பதறாமல் படிக்கச் சொல்லுங்கள். இடைவெளிகள் உட்பட 22, 23 நொடி ஆனால் நொடிக்கு ஐந்து என்பது அவருக்குச் சரியாக இருக்கும்.

தமிழை வேகமாகப் பேசினால் என்ன, மக்கள் பேசுவதில்லையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2019இல் பதினேழு மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜப்பானியம், ஸ்பானியம் போன்ற மொழிகளில் துடிப்புகள் வேகமாக ஓடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சுமக்கும் செய்தி குறைவு. வியட்நாமியம் மெதுவாக நடக்கிறது, ஒவ்வொரு துடிப்பும் நிறையச் சுமக்கிறது. கடைசியில் நொடிக்குச் சேரும் செய்தி எல்லா மொழியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே, 39 பிட் அளவில் இருந்தது. அந்தப் பதினேழில் தமிழ் இல்லை. சொல்லோடு உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் துருக்கியம் இருந்தது. ஆக, நீளமான சொற்களால் ஒரு மொழி செய்தி சொல்வதில் பின்தங்கிவிடுவதில்லை, பேச்சில் அது தன் வேகத்தால் ஈடுகட்டிக்கொள்கிறது.

ஆனால் நேருக்கு நேர் பேச்சில் புரியாவிட்டால் "என்ன சொன்னீங்க?" என்று கேட்கலாம். முகம் தெரியும், பேசும் பொருளும் முன்பே தெரிந்திருக்கும். வர்ணனையில் இதெல்லாம் இல்லை. கேட்பவரின் கண் படத்தில் இருக்கிறது, பின்னால் இசை ஓடுகிறது, செய்தி புதிது. அதோடு தமிழில் குறில் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் பொருளையே மாற்றுபவை. வேகம் கூடினால் முதலில் தேய்வது அவைதான். 'கோடு' சுருங்கிக் 'கொடு' போலக் கேட்கும், 'பட்டி' மெலிந்து 'படி' ஆகும். சொல்லின் கடைசியில் வரும் 'உம்', 'ஆல்' வாய்க்குள்ளேயே போய்விடும். 'கொட்டினால்', 'கொட்டினாலும்' இரண்டுக்கும் வேறுபாடு மறைந்தால் செய்தியே தலைகீழாகிவிடும். பதிவைக் கேட்கும்போது இந்த விகுதிகள் தெளிவாக விழுகின்றனவா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பிரதி நீளம் என்று பொருள், குரல் கொடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி ஒரு படத்தை எடுத்து முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெங்கு பற்றிய முப்பது நொடிப் படம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 2 நொடி இசை மட்டும். கடைசியில் திரையில் வாசகம் வர 3 நொடி. வாக்கியங்களுக்கு இடையே நிற்பதற்கு மொத்தமாக 3 நொடி. எட்டு நொடி போனால் மீதி 22. நொடிக்கு ஐந்து வீதம் 110 எழுத்து. இதுதான் கையிருப்பு.

ஆங்கிலப் பிரதியின் முதல் வாக்கியம் 11 சொல், நாலரை நொடியில் முடிந்துவிடும். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் பெருகுகிறது என்பது அதன் செய்தி. அலுவலகத் தமிழில் அது இப்படி வரும்: "டெங்கு காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிஸ் வகையைச் சேர்ந்த கொசுக்களானவை தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில் முட்டையிட்டு இனப்பெருக்கம் செய்கின்றன." எண்ணிப் பாருங்கள், 48 எழுத்து. ஏறக்குறைய பத்து நொடி. நம் கையிருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு முதல் வாக்கியத்திலேயே தீர்ந்துவிட்டது. எழுபது ஆங்கிலச் சொல்லும் இதே விகிதத்தில் தமிழானால் 300 எழுத்தைத் தாண்டும். முப்பது நொடிப் படத்துக்கு ஒரு நிமிடக் குரல்.

அந்த வாக்கியத்தில் எங்கே பணம் கரைகிறது என்று பார்க்க வேண்டும். 'பரப்பக்கூடிய' ஆறு எழுத்து, டெங்கு கொசு என்றாலே டெங்குவைப் பரப்புவதுதான். 'வகையைச் சேர்ந்த' ஐந்து எழுத்து, பாடப்புத்தகத்துக்கு வேண்டும், முப்பது நொடிக்கு வேண்டாம். 'கொசுக்களானவை' என்பதன் வாலில் வரும் 'ஆனவை' எதையும் சொல்லவில்லை. முட்டையிட்டால்தான் இனப்பெருக்கம், இரண்டில் ஒன்று போதும். 'தேங்கி நிற்கும்' என்பதைத் திரையில் தெரியும் தண்ணீர்த் தொட்டியே சொல்லிவிடுகிறது. மிஞ்சுவது: "டெங்கு கொசு வளர்வது நல்ல தண்ணீரில்." பதின்மூன்று எழுத்து, மூன்று நொடிக்கும் குறைவு. 'நல்ல தண்ணீர்' என்று வீட்டில் சொல்வது எதை என்று எல்லோருக்கும் தெரியும். சாக்கடையில்தான் கொசு என்று நினைத்திருப்பவரின் காதைத் திருப்புவதும் வாக்கியத்தின் கடைசியில் வரும் அந்தச் சொல்தான்.

தமிழ்ப் பிரதியில் சேமிப்பு பெரும்பாலும் இந்த மாதிரி வால்களில்தான் கிடைக்கும். 'தூய்மைப்படுத்தும் பணியை மேற்கொள்ள வேண்டும்' என்பது 13 எழுத்து. 'தேய்த்துக் கழுவுங்கள்' ஆறு. பொருளும் இரண்டாவதில்தான் துல்லியம், எப்படிக் கழுவ வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. பேச்சு வழக்குக்கு மாறினாலும் எழுத்து குறையும். 'செய்துகொண்டிருக்கிறார்கள்' எட்டு எழுத்து, 'செஞ்சிட்டிருக்காங்க' ஆறு. ஆனால் பேச்சு நடை என்றால் படம் முழுவதும் பேச்சு நடைதான். நேரம் போதாத இடத்தில் மட்டும் நடை மாறினால் அது உடனே காதில் உறுத்தும்.

எவ்வளவு சுருக்கினாலும் ஆங்கிலப் பிரதியில் உள்ள எல்லாச் செய்தியும் 110 எழுத்துக்குள் அடங்காது. அந்தப் பிரதி கொசுவின் பெயர், கடிக்கும் நேரம், முட்டை, வளரும் காலம், கழுவும் முறை, மூடி, காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது என ஏழு செய்திகளை அடுக்கியிருந்தால் தமிழ்ப் பிரதி நாலைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். எந்த நாலு என்று முடிவு செய்வதுதான் எழுதுபவரின் முதல் வேலை. இந்தப் படத்துக்கு நான் முட்டையைத் தேர்ந்தெடுப்பேன். தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். இந்தக் கொசு முட்டையை ஒட்டுவதோ பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. நீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பகலில் கடிப்பதும் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதும் முக்கியமானவையே, ஆனால் அவை இன்னொரு முப்பது நொடிக்குரியவை.

முதல் வடிவம் இது: "டெங்கு கொசு வளர்வது நல்ல தண்ணீரில். முட்டையிடுவது பாத்திரத்தின் சுவரில், நீருக்குச் சற்று மேலே. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் உள்சுவரை நாரால் அழுத்தித் தேயுங்கள். மூடி போட்டு வையுங்கள்."

எண்ணினால் 124. பதினான்கு எழுத்து அதிகம், அதாவது மூன்று நொடி. மூன்று நொடிதானே என்று விட்டுவிட்டால் அது இடைவெளிகளைத் தின்றுவிடும். 'நீருக்குச் சற்று மேலே' என்பதை நெருக்கக் காட்சி காட்டிவிடும், ஏழு எழுத்து மிச்சம். 'கொட்டினால் மட்டும் போதாது' என்பது மூன்றாவது வாக்கியம் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. 'அதனால்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை அடுத்த வாக்கியத்தோடு சேர்த்தால் இன்னும் எட்டு மிச்சம். மொத்தம் 109. சொல் கணக்கில் இது 38தான், ஆங்கிலத்தின் எழுபதுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதியைச் சற்றுத் தாண்டும். 'மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும்' என்பதை ஏன் வெட்டவில்லை என்று கேட்கலாம். ஒன்பதுக்கும் மேலான எழுத்து அதில் போகிறது என்றாலும், தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதற்குக் காரணமே அதுதான். காரணம் தெரியாமல் கேட்ட அறிவுரையை யாரும் மறுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை.

எண்கள்தான் பிரதியில் மறைந்திருக்கும் பெரிய செலவு. தாளில் நான்கு இலக்கமாகத் தெரியும் 1947, வாயில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு' என்று 13 எழுத்தாக விரியும். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு துடிப்பே போதும். ஆகவே எண்ணும்போது இலக்கங்களை எழுத்தால் எழுதிவிட்டு எண்ணுங்கள். பிறகு குறைக்க வழி தேடலாம். '37.5 சதவீதம்' என்பது 'முப்பத்தேழு புள்ளி ஐந்து சதவீதம்' என 12 எழுத்து. 'எட்டுப் பேரில் மூன்று பேர்' என்றால் ஏழு எழுத்து, அளவும் மாறவில்லை, கேட்பவரால் கற்பனை செய்து பார்க்கவும் முடிகிறது. துல்லியமான எண் கட்டாயம் வேண்டுமென்றால் அதைத் திரையில் எழுத்தாகக் காட்டிவிட்டு, குரல் 'இவ்வளவு பேர்' என்று கடந்து போகலாம்.

எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். தமிழில் வினை கடைசியில் வரும், அடைமொழிகளும் பெயரெச்சங்களும் பெயருக்கு முன்னால் வரிசை கட்டும். ஆங்கில வாக்கியம் முட்டையில் தொடங்கி டயரில் முடியும், படமும் அதே வரிசையில் ஓடும். தமிழில் "மழைநீர் தேங்கிய டயருக்குள் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்" என்று எழுதினால் திரையில் முட்டை தெரியும்போது காதில் டயர் விழுகிறது. திரையில் டயர் வரும்போது குரல் முட்டைக்கு வந்து சேர்கிறது. முப்பது நொடிக்குள் அடங்கியிருந்தும் குழப்பம். வாக்கியத்தை உடைத்தால் சரியாகிவிடும்: "இவை முட்டைகள். மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்." ஒரு காட்சிக்கு ஒரு வாக்கியம், வினை அந்தக் காட்சிக்குள்ளேயே முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. நான்கு நொடிக் காட்சிக்கு 20 எழுத்து என்று நிரப்பிவிடாமல் 15 அளவில் நிறுத்தினால் குரலுக்கு மூச்சும் கிடைக்கும், கண்ணுக்குப் பார்க்க நேரமும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஒரு தாளே போதும். இடப்பக்கம் காட்சியும் அதன் நொடியும், வலப்பக்கம் குரலும் அதன் எழுத்து எண்ணிக்கையும். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள், மனத்துக்குள் படித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். பிறகு பிரதியைப் பார்த்திராத ஒருவருக்குப் படம் இல்லாமல் குரலை மட்டும் ஒரே முறை போட்டுக் காட்டி, என்ன செய்யச் சொல்கிறது என்று கேளுங்கள். "வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவ வேண்டும்" என்று அவர் சொன்னால் பிரதி தேறிவிட்டது. "டெங்கு பற்றி ஏதோ சொன்னார்கள்" என்றால் இன்னும் வெட்ட வேண்டும்.

படம் எடுக்கும் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்க் குரல் வேண்டுமென்றால் ஆங்கில வாசகத்தை மட்டும் அனுப்பாதீர்கள். காட்சி வரிசையையும் நொடிக் கணக்கையும், சொல்ல வேண்டிய செய்திகளை முக்கியத்துவ வரிசைப்படியும் அனுப்புங்கள். எந்தச் செய்தியை விட்டாலும் பாதகமில்லை என்பதை நீங்களே குறித்துக் கொடுங்கள். முடிந்தால் படத்தை இறுதியாக வெட்டும் முன்பே தமிழ்ப் பிரதியை எழுதவிடுங்கள். அதற்குப் பிறகு தமிழுக்கு நேரம் போதவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.